பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பே வயதா?

போன வாரம் பேத்தி கணக்கு நோட்டை என் மடியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மார்க் குறைந்தால் அழுகிற ரகம் இல்லை. அன்று முகம் வேறு மாதிரி இருந்தது. நோட்டைத் திறந்தேன். ஒப்படைப்புக்கு ஐந்து மார்க். சராசரிக்கு இரண்டு, திட்ட விலக்கத்துக்கு இரண்டு, அட்டவணைக்கு ஒன்று. இவளுக்குக் கிடைத்தது அட்டவணைக்கான ஒரு மார்க் மட்டும். மற்ற இரண்டின் மேலும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு.

"தாத்தா, நான் பண்ணது தப்பா?" என்று கேட்டாள்.

புள்ளியியல் தொடர்பான அரசு வேலையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன் நான். கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் கையால் கூட்டிப் பழகியவன். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்து பென்சிலை எடுத்தேன். இரவு பதினோரு மணிக்குத்தான் கீழே வைத்தேன். அன்று எனக்கு வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

ஒப்படைப்பு இதுதான். பிள்ளைகள் நாலைந்து பேராகப் பிரிந்து, பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் 50 பேரிடம் வயது கேட்டு எழுதி வரவேண்டும். அதை ஆசிரியை பத்துப் பத்து வருஷப் பிரிவாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். எல்லோரும் அந்த அட்டவணையை வைத்துக் கூட்டுச் சராசரியும் திட்ட விலக்கமும் காண வேண்டும். அட்டவணை இப்படி இருந்தது:

0–9 வயது: 4 பேர்
10–19: 6 பேர்
20–29: 8 பேர்
30–39: 11 பேர்
40–49: 9 பேர்
50–59: 6 பேர்
60–69: 4 பேர்
70–79: 2 பேர்

படித்து மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அட்டவணையில் ஒவ்வொருவருடைய வயதும் தெரியாது. 30–39 என்ற பிரிவில் 11 பேர் என்று மட்டும்தான் தெரியும். அதனால் அந்தப் பதினொரு பேரும் பிரிவின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்த நடு எண்ணை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 50-ஆல் வகுக்கிறோம். ஆகவே எல்லாமே ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: பிரிவின் நடு எது?

வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி என்ன? 9-க்கும் 10-க்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அதை மூட ஒவ்வொரு பிரிவின் கீழ் எல்லையிலிருந்து அரை கழி, மேல் எல்லையோடு அரை கூட்டு. அப்படிச் செய்தால் 30–39 என்பது 29.5–39.5 ஆகும். நடு 34.5. முதல் பிரிவின் நடு 4.5. படி விலக்க முறையில் போட்டால் சராசரி 36.3 என்று வரும். வகுப்பு முழுக்க அதுதான் விடை.

என் பேத்தி நடு எண்ணாக 5, 15, 25, 35 என்று வைத்திருந்தாள். அவளுக்குச் சராசரி 36.8. பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: 'ஒன்பது வயது என்பது பத்தாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் வரை.' அந்த வரியின் மேலும் சிவப்புக் கோடு போயிருந்தது.

அந்த ஒரு வரிக்குத்தான் ஐந்து மார்க்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அரை கழித்து அரை கூட்டும் வழி எங்கே சரி? உயரம் அளக்கிறோம். நாடா 150-க்கும் 151-க்கும் நடுவில் நிற்கிறது. எது பக்கமோ அதை எழுதுகிறோம். அப்போது நோட்டில் 150 என்று எழுதியது உண்மையில் 149.5 முதல் 150.5 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே 150–159 என்ற பிரிவு 149.5-இல் தொடங்குவது நியாயம். வயதை நாம் அப்படியா சொல்கிறோம்? ஒன்பது வருஷம் பதினொரு மாதம் ஆன பையனைக் கேளுங்கள். ஒன்பது என்றுதான் சொல்வான். நிறைந்த வயதுதான் நம் கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நிறைவுற்ற வயதைத்தான் எழுதுவார்கள். ஆகவே 0–9 என்று எழுதிய பிரிவு உண்மையில் 0 முதல் 10-க்குக் கொஞ்சம் முன்வரை. நடு 5.

வகுப்பு வழியை முதல் பிரிவுக்குப் போட்டுப் பாருங்கள். கீழ் எல்லை 0-இலிருந்து அரை கழித்தால் மைனஸ் அரை. அதாவது பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பு! கரும்பலகையில் –0.5 என்று எழுதியபோது வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இந்தக் கேலி என்னுடையது இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்தேன். மூன்று கிராமங்களின் வயது அட்டவணைக்கு அரை கழித்துச் சராசரி போட்டு மேசையில் வைத்தேன். எங்கள் தலைமை எழுத்தர் நீலப் பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்: 'பிறக்காதவனையும் எண்ணினாயா?' அன்று வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த அட்டவணையைக் கையில் எடுத்தாலும், இந்த எண்ணை யார், எப்படிக் கேட்டு எழுதினார்கள் என்று பார்க்காமல் நடு எண் எழுதியதில்லை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நோட்டில் எழுதிய முழு எண்களின் சராசரி மட்டும்தான் வேண்டும் என்றால் 4.5-ஐக் குறை சொல்ல முடியாது. 0 முதல் 9 வரையான பத்து எண்களின் சராசரி 4.5-தான். அந்த மனிதர்கள் வாழ்ந்து முடித்த காலத்தின் சராசரி வேண்டும் என்றால் 5. இரண்டும் இரண்டு கேள்விகளுக்கு விடை. ஒப்படைப்பில் கேட்டது '50 பேரின் சராசரி வயது'. அதற்கு என் பேத்தி சொன்ன விடை பொருந்தும்; காரணமும் எழுதியிருந்தாள். காரணம் எழுதாதவர்களுக்கு முழு மார்க், காரணம் எழுதியவளுக்குப் பூஜ்யம் என்றால், அது கணக்குப் பாடமா, சொன்னதைத் திரும்பச் சொல்கிற பாடமா?

அடுத்தது திட்ட விலக்கம். இதில்தான் எனக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை. திட்ட விலக்கம் என்பது ஆட்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதன் அளவு. எல்லா நடு எண்ணையும் அரை கூட்டினால் சராசரியும் அரை கூடும். இடையில் உள்ள தூரம் மாறாது. ஒரு பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் ஆளுக்கு ஒரு படி ஏறி நின்றால் அவர்களுக்குள் உயர வித்தியாசம் மாறுமா? விலக்க வர்க்கச் சராசரி இரண்டு வழியிலும் 334.76, திட்ட விலக்கம் 18.30. வகுப்பு முழுக்க 18.30, என் பேத்திக்கும் 18.30. ஆனால் மேலே சராசரி 'தப்பு' என்று அடித்த கை, கீழே விடையைப் பார்க்காமலே அதையும் அடித்திருக்கிறது. ஐம்பது நோட்டைத் திருத்துகிற களைப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே விடைக்கு ஒருத்திக்குப் பூஜ்யம், மற்றவர்களுக்கு இரண்டு என்பதை எப்படி ஏற்பது?

இதோடு நிறுத்தியிருப்பேன். அப்போது பேத்தி, "தாத்தா, வயசு கேட்டு எழுதின லிஸ்ட் என்கிட்டதான் இருக்கு" என்று ஒரு கசங்கிய தாளை நீட்டினாள். அவளுடைய குழுதான் எல்லோருடைய தாளையும் சேர்த்துப் படி எடுத்ததாம். ஐம்பது வயதும் அதில் வரிசையாக இருந்தன. அட்டவணையைத் தள்ளிவைத்துவிட்டு ஐம்பதையும் நேராகக் கூட்டினேன். மொத்தம் 1763. சராசரி 35.26.

கவனியுங்கள். நோட்டில் எழுதிய அதே முழு எண்கள். அட்டவணை வழியாகப் போனால் 36.3. நேராகக் கூட்டினால் 35.26. ஒரு வருஷத்துக்கு மேல் வித்தியாசம்! அரை வருஷத்துக்காக இரண்டு மார்க் வெட்டினார்களே, வகுப்பு முழுக்க 'சரி' என்று வாங்கிய விடையே ஒரு வருஷம் தள்ளி நிற்கிறது. இது எங்கிருந்து வந்தது?

தாளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. 30–39 பிரிவில் உள்ள பதினொரு பேரின் வயது இது: 30 என்று நாலு பேர், 35 என்று மூன்று பேர், மீதி 32, 36, 38, 39. நாற்பதுகளில் ஒன்பது பேர்: 40 என்று நாலு பேர், 45 என்று மூன்று பேர், அப்புறம் 42, 48. 23 முதல் 62 வயது வரை இருப்பவர்களை எண்ணினேன்: 33 பேர். அதில் 0-இலும் 5-இலும் முடிகிற வயது சொன்னவர்கள் 22 பேர். இயல்பாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான், ஆறேழு பேர்தான் இருக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கில் வேலை செய்தவர்களுக்கு இது பழைய கதை. 1981 கணக்கெடுப்பின்போது பரமக்குடி பக்கத்துக் கிராமங்களில் நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன். வயது கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். "ஒரு நாப்பது போட்டுக்கங்க தம்பி" என்பார்கள். நாங்களும் விடாமல் ஏதாவது சம்பவத்தைச் சொல்லிக் கேட்போம். ஒரு அம்மா, "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப எம் மூத்தவன் கைப்பிள்ளை" என்றார். புயல் 1964 டிசம்பர். அப்படியென்றால் மூத்தவனுக்குப் பதினாறு முடிந்திருக்கும். ஆனால் அந்த அம்மா முதலில் சொன்னது இருபது. இப்படித்தான் வயதுகள் பத்திலும் ஐந்திலும் போய்க் குவியும். இதை அளக்க விப்பிள் குறியீடு என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் மேலே 23 முதல் 62 வரை எண்ணியது அந்த வழக்கப்படிதான்.

இந்தக் குவியலுக்கும் நம் அட்டவணைக்கும் என்ன பகை? 40–49 என்ற பிரிவில் குவியல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று தொடக்கத்திலேயே, 40-இல். இன்னொன்று நடுவில், 45-இல். 49 பக்கம் யாருமே இல்லை. அட்டவணை அந்த ஒன்பது பேரும் 44.5-இல் நிற்பதாக நினைக்கிறது. அவர்கள் உண்மையில் நிற்பது 42.8-இல். முப்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இதே சங்கதி. ஒவ்வொரு பிரிவும் தன் ஆட்களைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிடுகிறது.

திட்ட விலக்கத்தையும் நேராகப் போட்டுப் பார்த்தேன். 17.86 வந்தது. அட்டவணை சொன்னது 18.30. அகலமான பிரிவு வைத்தால் சிதறல் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவது வழக்கம். ஷெப்பர்டு என்ற கணித அறிஞர் இதற்கு ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார்: விலக்க வர்க்கச் சராசரியிலிருந்து, பிரிவின் அகலத்தின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். இங்கே அகலம் 10, வர்க்கம் 100, பன்னிரண்டில் ஒரு பங்கு 8.33. கழித்து வர்க்கமூலம் கண்டால் 18.07. உண்மைக்குப் பாதி தூரம் வந்துவிட்டது. முழுசாக வராது. இரண்டு ஓரமும் மெல்லச் சரிந்து முடிகிற விவரங்களுக்குத்தான் அந்தத் திருத்தம் சரியாகப் பொருந்தும். வயது பூஜ்யத்தில் சுவர் மாதிரி நின்றுவிடும். குவியல் வேறு இருக்கிறது.

இதற்கு மருந்து திருத்தத்தில் இல்லை, பிரிவு வெட்டுகிற இடத்தில் இருக்கிறது. குவியும் எண் பிரிவின் ஓரத்தில் விழாமல் நடுவில் விழும்படி வெட்ட வேண்டும். 28–32, 33–37, 38–42 என்று வையுங்கள். 30, 35, 40 எல்லாம் நடுவில் வந்துவிடும். அன்று இரவு பேத்தியையே அப்படிப் பிரிக்கச் சொன்னேன். பதினைந்து நிமிஷத்தில் முடித்தாள். சராசரி 35.2! நேராகக் கூட்டியதற்கு ஒட்டினாற்போல. அவள் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"அப்ப நான் போட்ட 36.8-ம் சரியில்லையா தாத்தா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பொய் சொல்ல மனசு வரவில்லை. அட்டவணையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் காரணம் சரி. தாளை வைத்துப் பார்த்தால் இரண்டு விடையுமே தள்ளித்தான் நிற்கின்றன. அந்தத் தாளில்கூட முழு உண்மை இல்லை. '40' என்று சொன்னவர் 41 ஆகவும் இருக்கலாம், 38 ஆகவும் இருக்கலாம். அவருக்கு அரை வருஷம் கூட்டுவதில்கூட அர்த்தமில்லை. அந்தத் தெருவின் சராசரி வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு என்பதற்கு மேல் நேர்மையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு தசம இடத்துக்கு விடை எழுதச் சொல்வது, கல்லடுப்பில் வைத்த பாலுக்கு வெப்பமானி வைப்பது போல.

மறுநாள் பள்ளிக்குப் போய் ஆசிரியையைப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. சின்ன வயசுப் பெண். மரியாதையாக நாற்காலி போட்டார். தாளைக் காட்டினேன். திட்ட விலக்கத்தைப் பார்த்ததும், "ஐயா, இது என் தப்புதான்" என்று அங்கேயே இரண்டு மார்க் போட்டுக் கையெழுத்து வைத்தார். சராசரிக்கு மட்டும் தயங்கினார்.

"நீங்க சொல்றது புரியுதுங்க ஐயா. ஆனா பரீட்சையில அரை கழிச்சுப் போடலைன்னா மார்க் போயிடும்னு பயமா இருக்கு. நாளைக்கு இவளுக்கே அது நஷ்டம் ஆயிடக் கூடாதில்ல?"

அந்தப் பயம் பொய் இல்லை. என் கோபம் அவர் மேல் இல்லை என்பதையும் அப்போது உணர்ந்தேன். கோபம், கேள்வி கேட்காமல் அரை கழிக்கிற அந்தப் பழக்கத்தின் மேல்தான். அட்டவணையிலிருந்து சராசரி காணும் முறை ஏன் வந்தது? ஆயிரக்கணக்கான எண்களைக் கையால் கூட்ட முடியாத காலத்தில் உழைப்பைக் குறைக்க வந்தது. மூலத் தாள் கிடைக்காமல் அட்டவணை மட்டும் கிடைத்தபோது வேறு வழியில்லாமல் வந்தது. இன்றைக்கும் அச்சிட்ட அறிக்கையில் அட்டவணை மட்டும்தான் கிடைக்கும் என்பதால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பிள்ளைகள் தாங்களே வெயிலில் அலைந்து ஐம்பது வயதை எழுதி வந்த பிறகு, அந்தத் தாளை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, அதன் நிழலை அளந்து அதுதான் உண்மை என்று மார்க் போடுவது தலைகீழ் வேலை.

நான் ஆசிரியையிடம் கேட்டது மூன்றே விஷயம். ஒன்று, அட்டவணைக்கு மேலே இந்த எண் எப்படி எழுதப்பட்டது என்று ஒரு வரி: பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றியதா, நிறைந்த வயதா. அந்த வரியைப் பார்த்து நடு எண் எழுதட்டும். இரண்டு, மூலத் தாள் கையில் இருந்தால் இரண்டு வழியிலும் போட்டு, வித்தியாசம் எவ்வளவு, ஏன் என்று இரண்டு வரி எழுதட்டும். மார்க்கில் பாதி அந்த இரண்டு வரிக்கு. மூன்று, காரணம் எழுதிய விடையை, படிக்காமல் அடிக்க வேண்டாம்.

"மூணாவதை இன்னைக்கே ஆரம்பிச்சுடறேங்க ஐயா" என்றார். மற்ற இரண்டுக்கும் தலைமை ஆசிரியரைக் கேட்க வேண்டுமாம். சராசரிக்கான இரண்டு மார்க் இன்னும் வரவில்லை. அதற்காக நான் மறுபடி போகப்போவதில்லை.

ஆனால் நேற்று மாலை ஒன்று நடந்தது. பேத்தியின் தோழிகள் மூன்று பேர் அந்தக் கசங்கிய தாளைக் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஐம்பதையும் நேராகக் கூட்டினார்கள். ஒருத்தி முதல் பிரிவின் கீழ் எல்லை –0.5 என்று தன் நோட்டில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இது யாரு வயசுடி?" என்றாள். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு வகுப்பில் வந்திருக்க வேண்டியது.